ஃபியூக் எழுதுவதற்கு முன்னால்

கிள்ளானில் எங்கள் தேவாலயத்தில் பதினெட்டு வருடமாக நான்தான் ஆர்கன் வாசிக்கிறேன். வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பது அதைவிடப் பழைய வேலை. இரண்டும் சேர்ந்து, இசையில் எனக்குத் தெரியாதது அதிகமில்லை என்ற ஒரு நினைப்பை எனக்குள் வளர்த்துவிட்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பாடகர் குழுவில் இருபது பேரும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அடுத்த வருடத் திருவிழாவுக்குப் புதிதாக என்ன பாடலாம் என்று பேச்சு வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது என் வாய் என்னைக் கேட்காமலேயே திறந்தது.

"நான் ஒரு ஃபியூக் எழுதித் தரேன்."

"அது என்னா அக்கா, திங்கிறதா?" என்றார் ஆண்கள் வரிசையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் விளக்கினேன். ஒரு சின்ன மெட்டு. முதலில் ஒரு குரல் அதைத் தனியாகப் பாடும். அது முடிந்ததும் இரண்டாவது குரல் அதே மெட்டை வேறு சுரத்திலிருந்து தொடங்கும். முதல் குரல் சும்மா இருக்காது. அதற்கு எதிராக வேறொன்றைப் பாடிக்கொண்டே போகும். பிறகு மூன்றாவது குரல் வரும். ஆளாளுக்குத் தன் வழியில் போவார்கள். ஆனால் எல்லாம் சேர்ந்து ஒன்றாக இருக்கும். 'ஆமென்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் பாடலாம்.

"ஒரே ஆமென்னுக்கு மூணு நிமிஷமா?" என்று என் கணவர் கேட்டார். அவர் தமிழ்ப்பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஆண்கள் வரிசையில் கடைசி நாற்காலி அவருடையது. "சரி, எழுது. ஓடிப் பார்த்துருவோம்."

ஃபியூக்குகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன். எழுதியதில்லை. அதனால் பிரிக்பீல்ட்ஸில், கடைவரிசை ஒன்றின் இரண்டாவது மாடியில் நடந்த இசை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. விரிவுரையாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த தமிழ்ப்பெண். ஜீன்ஸும் ரப்பர் செருப்புமாக வருவாள். நான் அவளை 'மிஸ்' என்பேன், அவள் என்னை 'அக்கா' என்பாள். வகுப்பில் ஆறு பேர். என் பக்கத்து மேசையில் பந்திங்கிலிருந்து வந்த ஒரு தம்பி; பகலில் குளிரூட்டி பழுது பார்ப்பவன், வார இறுதியில் கல்யாண விருந்துகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவன்.

முதல் நாள் நான் புதிய நோட்டும், கூர் சீவிய நான்கு பென்சிலும், மனதில் ஒரு ஃபியூக் மெட்டும் கொண்டு போயிருந்தேன். மிஸ் வெள்ளைப்பலகையில் பதினோரு முட்டைகளை வரைந்தாள். பதினோரு முழுச் சுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு தாளக் கட்டம் நீளம். 'டி'யில் தொடங்கி, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, 'டி'யிலேயே முடிந்தது.

"இது அடிமெட்டு. இத மாத்தக்கூடாது. இதுக்கு மேல ஒரு குரல் எழுதணும். ஒன்னுக்கு ஒன்னு, அவ்வளவுதான். அடுத்த வாரம் கொண்டாங்க."

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் இன்னொன்னு."

வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். பியானோவில் அடித்துப் பார்த்தேன், இனிமையாகத்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அந்தத் தாள் திரும்பி வந்தபோது அதில் மூன்று சிவப்பு வட்டங்கள். என் மாணவர்களின் தாளில் நான் போடும் அதே மாதிரி வட்டங்கள்.

முதல் வட்டம்: கீழே 'ஜி' இருக்கும்போது மேலே 'டி' எழுதியிருந்தேன், கீழே 'ஏ'வுக்கு ஏறியபோது நானும் 'ஈ'க்கு ஏறியிருந்தேன். ஐந்து சுர இடைவெளி, உடனே இன்னொரு ஐந்து சுர இடைவெளி, ஒரே திசையில். இணை ஐந்து. கூடாது.

இரண்டாவது: கீழே 'ஈ'யிலிருந்து 'எஃப்', மேலே 'சி'யிலிருந்து தாவி அடுத்த 'எஃப்'. இரண்டு குரலும் சேர்ந்து மேலே ஏறி எட்டாவது சுரத்தில் போய் மோதுகின்றன. கூடாது.

மூன்றாவது: கீழே 'ஜி', மேலே 'சி'. நான்கு சுர இடைவெளி.

"மிஸ், இதுல என்ன தப்பு?" என்று நான் கேட்டேன். "சி, ஈ, ஜி சேந்த சி கார்டுல ஜியக் கீழ வெச்சு அடிச்சா நல்லாத்தானே இருக்கு?"

"கார்டுல நல்லா இருக்கும் அக்கா, ஏன்னா சுத்தி வேற சுரங்கள் இருக்கு. இங்க ரெண்டே பேரு. ரெண்டே பேரு இருக்கறப்ப நாலு தனியா நிக்காது. கீழ இன்னும் ஒருத்தரு வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடம் பியானோ சொல்லிக்கொடுத்தவள் நான். என் முன்னறையில் அந்தத் தாளை மேசைமேல் மறந்து வைத்துவிட, ஒன்பது வயது மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். "டீச்சர், ஒங்களுக்கே மூணு தப்பா!" என்று அவள் துள்ளிய துள்ளல் இருக்கிறதே, அன்று அவள் பியானோவும் வழக்கத்தைவிட நன்றாக வாசித்தாள்.

மூன்று வாரம் இப்படியே முட்டைகளோடு போயிற்று. மொத்தம் ஐந்து வகைப் பயிற்சி என்று மிஸ் சொல்லியிருந்தாள். ஒன்றுக்கு ஒன்று முதல் வகை. அடிமெட்டின் ஒரு சுரத்துக்கு எதிராக இரண்டு எழுதினால் இரண்டாம் வகை. நான்கு எழுதினால் மூன்றாவது. நான்காவதில் சுரங்களைக் கட்டத்தின் கோட்டைத் தாண்டி இழுத்துப் பிடிப்பது. ஐந்தாவதில் எல்லாவற்றையும் கலந்து எழுதுவது. இரண்டு குரலில் ஐந்தும் முடிந்த பிறகு மூன்று குரலில் மறுபடியும் முதலிலிருந்து. அதற்கெல்லாம் பிறகுதான் ஃபியூக்.

நான் கணக்குப் போட்டேன். திருவிழாவுக்குப் பத்து மாதம். பொறுமை போய்விட்டது.

"மிஸ், நான் நேராவே கேக்கறேன். எனக்கு ஃபியூக் எழுதணும். இந்த முட்டையெல்லாம் எதுக்கு?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எழுதுங்கக்கா. யாரு வேணாம்னா? அடுத்த வாரம் ஒரு ஃபியூக்கோட வாங்க. நம்பளே பாடிப் பாப்போம்லா."

அந்த வாரம் நான் எங்கள் வீட்டில் சமைக்கவே இல்லை. தினமும் கடையில் கட்டி வாங்கிய தாப்பாவ்தான். மூன்று குரலுக்கு, முப்பத்தாறு கட்டங்களில், என் மனதில் இருந்த மெட்டை வைத்து ஒரு ஃபியூக் எழுதினேன். பியானோவில் வாசித்தபோது கம்பீரமாக ஒலித்தது. கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். "தேசிய கீதம் மாதிரி இருக்கு," என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவரையும் வகுப்புக்கு அழைத்துப் போனேன். வழக்கமாக என்னை இறக்கிவிட்டுக் கீழே தோசைக் கடையில் உட்கார்ந்துகொள்பவர், அன்று மாடி ஏறி வந்தார். மிஸ் அவரைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை எடுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டாள்.

"சார், நீங்க இங்க ஒக்காருங்க. எங்களப் பாக்கக்கூடாது. ஒங்களுக்கு எத்தன பேரு பாடுறாங்கன்னு கேக்குதோ, அத்தன வெரல நீட்டுங்க. மாறினா மாத்துங்க."

"இது ஸ்போர்ட்ஸ் டே மாதிரில்ல இருக்கு," என்று சொல்லி அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

மேல் குரல் மிஸ், நடுக்குரல் நான், கீழ்க்குரல் பந்திங் தம்பி. மிஸ் மெட்டைத் தொடங்கினாள். ஒரு விரல். நான் நுழைந்தேன். இரண்டு விரல். தம்பி நுழைந்தான். மூன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தாறு கட்டம் போனதும், கணவரின் மூன்றாவது விரல் மெல்ல மடங்கியது. நாங்கள் மூன்று பேரும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே இரண்டு விரல்தான் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் மூன்றாகியது, மறுபடி இரண்டாயிற்று. இருபதாவது கட்டத்தில், மெட்டு மேல் குரலுக்குப் போய் அதற்கு எதிரான பாட்டு கீழே இறங்கிய இடத்தில், அவர் விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையைக் காற்றில் ஆட்டினார்.

"என்னாங்க?" என்றேன்.

"என்னமோ கீழ விழுந்த மாதிரி இருக்கு," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "பாட்டு நிக்கிற எடமே இல்ல. யாரோ நாற்காலிய இழுத்துட்டாங்க."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்தான், கொஞ்சம் தாமதமாக.

மிஸ் தாளை வாங்கி மேசையில் விரித்தாள். விரல் மடங்கிய இடங்களைத் தேடினோம். முதல் இடத்தில் நானும் தம்பியும் நான்கு சுரங்கள் வரிசையாக எட்டுச் சுர இடைவெளியில் ஒரே திசையில் போயிருந்தோம். அவன் 'டி' என்றால் நானும் மேல் 'டி', அவன் 'ஈ' என்றால் நானும் 'ஈ'. இரண்டாவது இடத்தில் இணை ஐந்துகள்.

"பியானோல இது கேக்காதுக்கா," என்றாள் மிஸ். "பியானோல எட்டு சேந்து வந்தா சத்தம் தடிமனா இருக்கும், கம்பீரமா இருக்கும். ஆனா ரெண்டு பேரு பாடறப்ப, அந்த நாலு சுரத்துக்கு ஒருத்தரு காணாமப் போயிடறாரு. இணை அஞ்சு அசிங்கம்னு நான் சொல்லவே இல்ல. அது ரெண்டு பேர ஒரு ஆளா ஒட்டிடும். அவ்வளவுதான்."

"அதானே, எங்க பேண்டுல கிட்டார்க்காரன் பூரா இணை அஞ்சுதான் அடிக்கிறான்," என்றான் தம்பி. "யாரும் ஒன்னும் சொல்லல."

"அவனுக்கு வேணும்கிறதே ஒரே தடிச்ச சத்தம்தான். கரெக்ட்டா அடிக்கிறான். ஃபியூக்ல ஒவ்வொரு ஆளும் தனி ஆளா கேக்கணும். வேல வேற, விதி வேற."

அந்த நாற்காலி இழுத்த இடம்தான் எனக்குப் புரியவில்லை. முன்னால் அதே இரண்டு மெட்டும் சேர்ந்து வந்தபோது நன்றாகத்தானே இருந்தது? மிஸ் என்னையே எண்ணச் சொன்னாள். முதல் முறை என் எதிர்ப்பாட்டு மெட்டுக்கு மேலே இருந்தது. அழுத்தமான தட்டுகளிலெல்லாம் ஐந்து சுர இடைவெளி. பிறகு இரண்டும் இடம் மாறியபோது, மேலே இருந்தது எட்டுச் சுரம் கீழே இறங்கியது. ஐந்து தலைகீழானால் நான்கு. அழுத்தமான தட்டுகளிலெல்லாம் நான்கு. அதற்குக் கீழே தாங்க யாரும் இல்லை.

என் முதல் தாளின் மூன்றாவது சிவப்பு வட்டம் நினைவுக்கு வந்தது. முகம் சூடாகிவிட்டது.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே மிஸ்?"

"சொன்னேனே. சிவப்புல," என்றாள் அவள்.

அன்று வகுப்பு முடிந்து மிஸ், தம்பி, கணவர், நான் என நால்வரும் கீழே தோசை சாப்பிட்டோம். அங்கேதான் அவள் நிதானமாகப் பேசினாள். இந்த விதிகள் ஃபியூக்குக்காகப் பிறந்தவை அல்ல; அதைவிடப் பழைய தேவாலயப் பாட்டுகளிலிருந்து எடுத்துச் சுருக்கிய பயிற்சிகள். இதைத் தொடாமல் நேராக ஃபியூக்கையே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் உண்டு. ஃபியூக்கில் இந்த விதிகளில் பாதி தளர்ந்துவிடும். பெரிதாகத் தாவலாம், சுருதி மாறலாம், ஒத்துப்போகாத சுரங்களின் உரசல் எங்கெங்கோ வரலாம்.

"அப்ப ஏன் இத மொதல்ல போடறீங்க?" என்று கணவர் கேட்டார்.

"ஃபியூக் எழுதறப்ப ஒரே நேரத்துல எத்தனையோ பாக்கணும் சார். மெட்டு எப்ப வரணும், எந்தக் குரல்ல, எந்த சுருதிக்குப் போறோம், எப்படித் திரும்பி வரப்போறோம். அந்த நேரத்துல ரெண்டு சுரத்துக்கு நடுவுல எத்தன இடைவெளின்னு வெரல்விட்டு எண்ணிக்கிட்டிருந்தா மத்ததெல்லாம் எப்பப் பாக்கறது? அதான் ஒன்னொன்னா பிரிச்சுக் குடுக்கறோம். மொத வகைல தாளமே கெடையாது. எந்த இடைவெளி, எந்தத் திசை, ரெண்டே கேள்வி. ரெண்டாவதுல உரசல் அழுத்தமில்லாத தட்டுல மட்டும், போற வழியில வரலாம். நாலாவதுலதான் உரசல அழுத்தமான தட்டுல வெக்கறோம். ஒவ்வொன்னா காதுல ஏறிட்டா, அப்புறம் எண்ண வேணாம். தானா கேக்கும்."

"புரியுது," என்றார் கணவர். "நாங்களும் மொத நாளே மேட்ச் வெக்க மாட்டோம்."

திங்கட்கிழமை நான் பென்சிலைச் சீவிக்கொண்டு முட்டைகளிடம் திரும்பினேன்.

இந்த முறை நான் பியானோவில் கை வைக்கவில்லை. மிஸ் சொன்னபடி ஒரு குரலைக் கைப்பேசியில் பாடிப் பதிவு செய்துகொண்டு, அது ஓடும்போது இன்னொன்றைப் பாடினேன். எங்கே என் குரல் பதிவுக்குள் கரைந்து போகிறதோ, அங்கே போய்ப் பார்த்தால் இணை ஐந்தோ எட்டோ இருக்கும். தாளில் பார்ப்பதற்கு முன்னாலேயே காது சொல்ல ஆரம்பித்தது. இரண்டாம் வகையில் திருட்டுத்தனம் ஒன்று செய்து பார்த்தேன்: அடுத்தடுத்த கட்டங்களின் முதல் தட்டில் ஐந்தும் ஐந்தும் வந்துவிட, நடுவில் ஒரு சுரத்தைச் செருகி மறைத்தேன். பாடியபோது அது மறையவே இல்லை. மிஸ்ஸிடம் காட்டாமல் நானே அழித்தேன். அன்றுதான் எனக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிந்தது.

பள்ளியில் விளையாட்டுப் போட்டிக் காலம் தொடங்கியதும் கணவருக்குச் சனிக்கிழமைகளும் திடலில் போயின. நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போக ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பயணங்களில்தான் நான்காம் வகையை எழுதினேன். எழுதி அதன்மேல் ஆசையே வைத்துவிட்டேன். மேல் குரல் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த நேரத்தில் அது கீழ்க்குரலோடு இணங்கித்தான் இருக்கிறது. கட்டம் மாறுகிறது, கீழ்க்குரல் நகர்கிறது, மேல் குரல் மட்டும் விடுவதில்லை. அழுத்தமான தட்டில் இரண்டும் உரசுகின்றன. உரசி முடித்து, மேல் குரல் ஒரே ஒரு படி கீழே இறங்கி, இடைவெளியை ஏழிலிருந்து ஆறாக்கி, இணங்கிவிடுகிறது. ஏழு, பிறகு ஆறு. ஏழு, பிறகு ஆறு. எத்தனை முறை பாடினாலும் அந்த இறங்கும் இடத்தில் நெஞ்சு லேசாகும்.

ஒரு சனிக்கிழமை சுபாங் தாண்டும்போது பக்கத்து இருக்கைப் பெண்மணி என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னா ஆன்டி, அழிச்சு அழிச்சு எழுதறீங்க?"

"மேல இருக்கறதக் கீழ போட்டா என்ன ஆகும்னு பாக்கறேன்," என்றேன்.

"என்ன ஆகும்?"

அந்தக் கணத்தில்தான் என் பென்சில் அதைக் கண்டுபிடித்திருந்தது. ஏழு–ஆறைத் தலைகீழாக்கினால் இரண்டு–மூன்று. அதுவும் விதிப்படி சரியான உரசல். இம்முறை கீழே இருப்பவர் பிடித்துக்கொண்டிருந்து, ஒரு படி இறங்குகிறார். மூன்று தலைகீழானால் ஆறு, ஆறு தலைகீழானால் மூன்று. ஐந்தை மட்டும் அழுத்தமான தட்டில் நம்பாமல் இருந்தால், இரண்டு குரலும் எப்படி வேண்டுமானாலும் இடம் மாறிக்கொள்ளலாம்.

"ஒன்னும் ஆகாது!" என்று நான் கத்தினேன். "ரெண்டு பக்கமும் நல்லா இருக்கும்!"

"அப்ப சரி," என்று அந்தப் பெண்மணி நிம்மதியாகக் கைப்பேசிக்குத் திரும்பினார்.

மூன்று குரல் பயிற்சிகளையும் முடித்தபோது திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. பழைய ஃபியூக்கை எடுத்துப் பார்த்தேன். மெட்டை வைத்துக்கொண்டேன்; மற்றதையெல்லாம் தள்ளினேன். புது எதிர்ப்பாட்டில் மூன்றுகளும் ஆறுகளும், நடுவில் என் பிரியமான ஏழு–ஆறும். பத்து நாளில் எழுதி முடிந்தது. சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கவலைப்பட்டதெல்லாம், அடுத்து மெட்டு யாரிடம் போக வேண்டும், எவ்வளவு நேரம் காக்கவைக்கலாம் என்பதைப் பற்றித்தான். இடைவெளிகளை எண்ணிய ஞாபகமே இல்லை. ஓரிடத்தில் தெரிந்தே விதியை மீறி ஒரு உரசலுக்குத் தாவிப் போயிருந்தேன். மிஸ் அங்கே பென்சிலை நிறுத்தினாள்.

"தெரிஞ்சு செஞ்சீங்களா?"

"தெரிஞ்சுதான். அங்க 'ஆமென்' கொஞ்சம் வலிக்கணும்."

அவள் ஒன்றும் எழுதாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு கதை. மேல் குரல் பாடும் சோப்ரானோக்கள் முதல் மெட்டை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க மாட்டாமல் சோப்ரானோவோடு சேர்ந்து முனகினார்கள். நடுக்குரல் பாடும் பெண்களின் ஆல்டோ வரிசைக்குத் தலைவி மாதிரி இருந்தவர், பாசாரில் மீன் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. பன்னிரண்டு வருடமாக என் வலது பக்கம் நின்று பாடுகிறார். முதல் ஒத்திகையில் அவர் தாளை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"இதுல என் பாட்டு எங்க?"

"இந்த நடு வரிதான்க்கா."

"நடு வரி முழுக்கவா? எப்பவும் ரெண்டு சுரம்தானே குடுப்பீங்க எங்களுக்கு?"

உண்மைதான். இத்தனை வருடமும் மெட்டைச் சோப்ரானோவுக்குக் கொடுத்தேன், அடித்தளத்தை ஆண்களுக்குக் கொடுத்தேன், இடையில் கார்டில் எந்தச் சுரம் மிச்சமோ அதை ஆல்டோவிடம் தள்ளினேன். இந்த அக்கா பன்னிரண்டு வருடம் மிச்சத்தைப் பாடியிருக்கிறார்.

திருவிழாவன்று தேவாலயம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் மிஸ் பந்திங் தம்பியோடு உட்கார்ந்திருந்தாள், முதன்முறையாகச் சேலை. பூசையின் கடைசியில் எங்கள் முறை. ஆர்கனைத் தொடாமல், குரல்கள் மட்டும். நான் நடுவில் நின்று கையசைத்தேன்.

சோப்ரானோக்கள் தொடங்கினார்கள். சுத்தமாக வந்தது. ஆல்டோக்கள் நுழைந்தார்கள், மீன்கடை அக்காவின் குரல் தூண் மாதிரி நின்றது. அடுத்து ஆண்கள். நான் அவர்கள் பக்கம் கையை நீட்டினேன்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பத்து ஆண்கள், பத்துத் திறந்த தாள்கள், பத்து ஜோடி உருண்ட விழிகள். ஆளாளுக்குப் பக்கத்திலிருப்பவர் தொடங்கட்டும் என்று நினைத்தார்களாம்; என் கணவர் பிறகு சொன்னார், முன்கூட்டியே தொடங்கித் திட்டு வாங்கிய பயமாம். அடித்தளமே இல்லாமல் மேலே இரண்டு குரல் அந்தரத்தில் நிற்கிறது. விழப்போகிறது என்று நினைத்தேன்.

விழவில்லை. சோப்ரானோவும் ஆல்டோவும் எதுவும் நடக்காதது போலத் தங்கள் வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். மேலே பிடித்தது, கீழே நகர்ந்தது, உரசியது, இறங்கியது. அந்த இரண்டும் தங்களுக்குள் முழுசாக இருந்தன. கீழே இன்னொருவர் வேண்டும் என்று எங்கேயும் கேட்கவில்லை. இரண்டு பேரை மட்டும் வைத்து நான் மாதக்கணக்கில் எழுதிய அந்தப் பயிற்சிகள் எதற்காக என்பதை, நான் அங்கே கையைத் தூக்கியபடி, என் காதாலேயே கேட்டேன்.

மெட்டு அடுத்த முறை ஆண்களுக்கு வரும் கட்டத்தைக் கண்ணாலும் புருவத்தாலும் முகத்தாலும் காட்டினேன். பத்துப் பேரும் சேர்ந்து நுழைந்தார்கள், கொஞ்சம் சத்தமாகவே. அதன்பிறகு கடைசி வரை யாரும் யாரையும் விடவில்லை.

பாதிரியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த நடுவுல ஆம்பளைங்கள அமைதியாக்கி, பொம்பளைங்கள மட்டும் பாட வெச்சீங்களே, அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நன்றி ஃபாதர்," என்றேன். கணவர் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தார். மிஸ் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வெளியே ஓடினாள்.

இரண்டு நாள் கழித்துப் பாசாருக்குப் போனேன். மீன்கடை அக்கா கெம்போங் மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தார். கத்தியின் தாளத்துக்கு ஆல்டோவின் எதிர்ப்பாட்டை முனகிக்கொண்டிருந்தார். நுழையும் சுரத்திலிருந்து ஒன்றுகூடத் தப்பாமல். நான் கொஞ்ச நேரம் பனிக்கட்டிப் பெட்டியின் பக்கத்தில் நின்று கேட்டேன். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"என் வீட்டுக்காரர் கேக்கறாரு, இது என்னா பாட்டுன்னு. இதுக்கு மேல இன்னொருத்தரு பாடுவாங்கன்னேன். இதுவே நல்லாத்தானே இருக்கு, இன்னொருத்தரு எதுக்குங்கறாரு."

"அவரு சொன்னது சரிதான்க்கா."

அவர் மீனைச் சுற்றி என் பையில் வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அடுத்த வருஷமும் எழுதுவீங்கதானே? அப்ப ஆல்டோதான் மொதல்ல ஆரம்பிக்கணும்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி வைத்துவிட்டு, ஆல்டோவுக்கு எட்டும் சுரங்கள் எவையெவை என்று எழுத உட்கார்ந்தேன்.